வரிக்காலை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்: கொசுப் படம் அனுப்பும் குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு,

பொதுசுகாதாரத் துறையின் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐப்பசி பிறந்து மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால் என் கைப்பேசியில் கொசுப் படங்கள் வரத் தொடங்கிவிடும். குளியலறைச் சுவரில் உட்கார்ந்தது, கொசு மட்டையில் சிக்கியது, குழந்தையின் கையில் அடித்து நசுக்கியது என்று எல்லா வகையும் வரும். கூடவே ஒரே கேள்வி: “சார், காலில் வரி இருக்கிறது. டெங்கு கொசுதானே?” பதிலுக்குக் காத்திருக்காமல் புகை மருந்து அடிக்க ஆள் சொல்லிவிடும் சங்கங்களும் உண்டு.

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கால் அல்ல, வாய். வாயைப் பார்த்து இது கொசுதான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகுதான் காலுக்கு வர வேண்டும். காலிலும் வரி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், வரி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக முதுகு. இந்த வரிசையில் பார்த்தால், எனக்கு வரும் படங்களில் பெரும்பகுதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

வாயிலிருந்து தொடங்குகிறேன். கொசுவின் தலையிலிருந்து முன்னோக்கி ஒரு உறிஞ்சுகுழல் நீட்டிக்கொண்டிருக்கும். தலையின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீளம். நேராக, கம்பி மாதிரி. ஆண் கொசுவுக்கும் உண்டு, பெண் கொசுவுக்கும் உண்டு. கடிப்பது பெண் மட்டும்தான் என்றாலும், தேன் குடிக்க ஆணுக்கும் குழல் வேண்டும். பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் இது சட்டென்று கண்ணில் படும். மேலிருந்து எடுத்த படத்தில் தலைக்கு முன்னால் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு இல்லவே இல்லை என்றால், உங்கள் படத்தில் இருப்பது அநேகமாகக் கொசு அல்ல.

கொசு இல்லையென்றால் வேறு என்ன? நம் ஊரில் பெரும்பாலும் மிட்ஜ் பூச்சி. ஏரி, குளம், கழிவு கலந்த கால்வாய் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் வெள்ளைச் சுவர் நிறைய வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் ஜன்னலடியில் குவியலாகச் செத்துக் கிடக்கும். உருவத்தில் கொசுவேதான் என்று சொல்லத் தோன்றும். கால் நீளம், உடல் ஒல்லி, மார்பு கூனல். ஆனால் கடிக்காது. கடிப்பதற்கு வாயில் ஒன்றும் கிடையாது. இதன் புழு சேற்றடியில் வாழ்கிறது. பல இனங்களில் புழு நல்ல சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால் அந்த நிறம். பிராணவாயு குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ள அதுதான் காரணம். சம்ப்பைக் கழுவும்போது அடியில் நெளியும் சிவப்புப் புழுவைப் பார்த்துவிட்டு “கொசுப்புழு” என்று பதறி என்னைக் கூப்பிடுவார்கள். அது கொசுப்புழு இல்லை. சம்ப்பின் அடியில் வண்டல் சேர்ந்துவிட்டது, கழுவி நாளாகிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மிட்ஜைக் கொசு என்று நினைக்க வைப்பதில் முதல் குற்றவாளி அதன் ஆண் பூச்சியின் உணர்கொம்பு. தலைக்கு முன்னால் இரண்டு இறகுகள் விரித்தாற்போல் அடர்ந்த மயிரோடு இருக்கும். தெளிவில்லாத படத்தில் அது ஏதோ ஒரு பெரிய வாய்க்கருவி போலத் தோன்றும். ஆண் கொசுவுக்கும் இதே போன்ற இறகுக் கொம்பு உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. எனவே இறகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த இரண்டு இறகுகளுக்கும் நடுவே, அவற்றைத் தாண்டி நீளும் ஒரு குழல் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் ஆண் கொசு. இல்லையென்றால் ஆண் மிட்ஜ்.

படத்தில் தலை மங்கலாக வந்துவிட்டால்? கைப்பேசிப் படங்களில் அடிக்கடி நடப்பதுதான். அப்போது உட்கார்ந்திருக்கும் விதம் கைகொடுக்கும். கொசு உட்காரும்போது பின்னங்கால் இரண்டையும் சுவரிலிருந்து தூக்கி, நுனியை மேல்நோக்கி வளைத்து வைத்திருக்கும். மிட்ஜ் உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கி முன்னால் நீட்டி வைத்திருக்கும்; அந்தக் கால்கள் மற்றவற்றைவிட நீளமாகவும் இருக்கும், அவ்வப்போது நடுங்கும். தூக்கிய கால் முன்னே இருந்தால் மிட்ஜ், பின்னே இருந்தால் கொசு. ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் கொசு சில சமயம் எல்லாக் காலையும் ஊன்றியிருக்கும். செத்த பூச்சியில் கால் சுருண்டுவிடும். ஆகவே இது உயிரோடு சும்மா உட்கார்ந்திருக்கும் பூச்சிக்குப் பொருந்தும் அடையாளம்.

இன்னொன்று சிறகு. கொசுவின் சிறகு நரம்புகளின் மேல் நுண்ணிய செதில்கள் படிந்திருக்கும்; பின்விளிம்பு நெடுக செதில்களே ஒரு விளிம்பு கட்டியிருக்கும். கொசுவை விரலால் நசுக்கினால் சாம்பல் நிறப் பொடி ஒட்டுகிறதே, அது இந்தச் செதில்தான். மிட்ஜின் சிறகில் இந்தச் செதில் கிடையாது, வெறும் கண்ணாடித் தாள். நீளத்திலும் வேறுபாடு உண்டு: கொசுவின் சிறகு வயிற்றை ஏறக்குறைய முழுக்க மூடிவிடும், மிட்ஜின் சிறகு, அதுவும் ஆண் மிட்ஜின் சிறகு, சீக்கிரம் முடிந்துவிட வயிற்றின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கைப்பேசியில் செதில் தனித்தனியாகத் தெரியாது. வயிறு நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

கடிக்கும் மிட்ஜ் என்று தனிக் குடும்பமே ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கியூலிகாய்ட்ஸ் என்பது அதில் பெயர்போனது. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவு, சிறகில் மங்கலான புள்ளிகள், குட்டையான தடித்த வாய். செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுதான் என்பதால் ஆடு வளர்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கும். “புள்ளி அளவுதான் இருந்தது, ஆனால் சுருக்கென்று கடித்தது” என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டெங்குவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது கிரேன் ஃபிளை. தோட்டமுள்ள குடியிருப்புகளிலிருந்தும் மலையூர்களிலிருந்தும் “ராட்சதக் கொசு” என்ற தலைப்போடு வருவது இதன் படம். காலை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்தாலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், பெரிய இனங்களில் இரண்டைத் தாண்டும். சாதாரணக் கொசு அரை சென்டிமீட்டர் சுமார்தான். பெரிய இனங்கள் பெரும்பாலும் சிறகைப் பக்கவாட்டில் விரித்தபடி உட்காரும். சிறகுக்குப் பின்னால் குண்டூசித் தலை போன்ற இரண்டு குமிழ்கள் தெளிவாகத் தெரியும். பறக்கும்போது நிலை தவறாமல் இருக்க உதவும் உறுப்பு அது, கொசுவுக்கும் உண்டு, ஆனால் கண்ணில் படாத அளவு சிறியது. கிரேன் ஃபிளையின் கால் தொட்டாலே கழன்று விழும். படத்தில் நாலு கால், ஐந்து கால்தான் இருக்கிறது என்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதியைத் தீர்ப்பது முதுகு: மார்பின் மேல்புறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு பள்ளம் ஓடும். கொசுவுக்கு அது கிடையாது. பெண் பூச்சியின் வால்முனை கூராக இருப்பதைக் கொடுக்கு என்று பயப்படுகிறார்கள்; அது முட்டையிடும் உறுப்பு. கடிக்காது, கொட்டாது. கொசுவைப் பிடித்துத் தின்னும் என்று சிலர் பாதுகாக்கிறார்கள், அதுவும் செய்யாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கிரேன் ஃபிளை கூட்டத்திலேயே சிறிய உருவமுள்ள சில இனங்களுக்கு நீண்ட வாய்க்குழல் உண்டு. ஜெரனோமையா என்ற பேரினம் அப்படி. பூவில் தேன் குடிக்க அந்தக் குழல். இந்தச் சிறிய இனங்களில் பல சிறகையும் கொசு மாதிரியே மடித்து உட்காரும். வேறு சிலவற்றுக்குக் கால் நுனி வெள்ளையாக இருக்கும். சிலந்தி நூலில் வரிசையாகத் தொங்கி ஓய்வெடுக்கும் இனங்களும் உண்டு. குழல் இருக்கிறது, வெள்ளைக் காலும் இருக்கிறது என்று இரண்டையும் வைத்து ஏமாந்துவிடலாம். அப்போது முதுகின் ‘வி’ பள்ளத்தையும் செதில் இல்லாத சிறகையும்தான் நம்ப வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்த பூச்சி அது. நிஜமாகவே ராட்சதமான கொசு நம் நாட்டில் உண்டு: டாக்சோரிங்கைட்டிஸ், யானைக்கொசு என்பார்கள். ஒரு சென்டிமீட்டர் போல வளரும், உடலில் உலோகப் பளபளப்பு இருக்கும், காலில் வெள்ளையும் இருக்கும். அதன் குழல் பாதியில் சடாரென்று கீழ்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தக் குழலால் தோலைத் துளைக்க முடியாது. ஆணும் பெண்ணும் பூந்தேனைக் குடித்தே வாழும். மரப்பொந்துத் தண்ணீரிலும் பழைய டப்பாக்களிலும் வளரும் அதன் புழு, கூட இருக்கும் டெங்கு கொசுப்புழுக்களைத் தின்னும். இதன் படம் வந்தால் தயவுசெய்து மட்டையை எடுக்காதீர்கள்.

சரி, கொசுதான் என்று உறுதியாகிவிட்டது. இனி வரிக்கால்.

கொசுவைக் கோலத்தை வைத்துப் பிரிக்கும் பழக்கம் புதியதல்ல. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் குடலில் கண்ட ரொனால்ட் ராஸ், கொசுக்களின் விஞ்ஞானப் பெயர் தெரியாமல்தான் வேலை செய்தார். சாம்பல் கொசு, வரிக்கொசு, புள்ளிச் சிறகுக் கொசு என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். முதல் இரண்டையும் அறுத்து அறுத்துப் பார்த்து ஏமாந்த பிறகுதான் மூன்றாவது வகைக்கு வந்தார், கிருமி அதில் இருந்தது. இன்றைய பெயரில் அவை முறையே கியூலெக்ஸ், ஏடிஸ், அனாஃபிலிஸ். ராஸ் வைத்த மூன்று பெயர்களுமே இன்றைக்கும் ஒரு கொசுப் படத்தைப் பார்க்க நல்ல தொடக்கம்தான். சிக்கல் என்னவென்றால், வரி ஏடிஸுக்கு மட்டும் சொந்தமில்லை.

முதலில் டெங்கு கொசுவான ஏடிஸ் எஜிப்டியின் காலை விளக்குகிறேன், அதுதான் அளவுகோல். கொசுவின் காலில் தொடை, கீழ்க்கால், அதற்கப்புறம் ஐந்து பாதக் கணுக்கள். டெங்கு கொசுவின் வரி முக்கியமாக அந்த ஐந்து கணுக்களில் இருக்கிறது. ஒவ்வொரு கணுவும் தொடங்கும் இடத்தில் வெள்ளை, மீதி கறுப்பு. இந்த வரி பின்னங்காலில்தான் அகலமாக இருக்கும். பின்னங்காலின் கடைசிக் கணு முழுக்க வெள்ளை. கறுப்பு நல்ல கறுப்பு, வெள்ளை நல்ல வெள்ளை. இரண்டும் சேரும் இடம் கத்தியால் வெட்டியது போல் துல்லியமாக இருக்கும். மங்கலான பழுப்பு, வெளிறிய மஞ்சள், படிப்படியாக நிறம் மாறுவது, இவையெல்லாம் ஏடிஸ் எஜிப்டி இல்லை.

தொடையும் கீழ்க்காலும் சேரும் முழங்காலிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஆனால் கீழ்க்காலின் நடுவில் வெள்ளை வளையம் இருக்காது. கீழ்க்கால் நடுவே வளையம் இருந்து, முதுகில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஏடிஸ் விட்டேட்டஸ். பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் வளரும் இனம். குன்றடி ஊர்களில் இருப்பவர்கள் இதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

காலிலிருந்து முதுகுக்குப் போனால் தீர்ப்பு கிடைத்துவிடும். ஏடிஸ் எஜிப்டியின் மார்பின் மேல் யாழ் வடிவத்தில் வெள்ளிக் கோலம் இருக்கும்: இரு ஓரங்களிலும் வளைந்த இரண்டு கோடுகள், நடுவே மெல்லிய நேர்க்கோடுகள் இரண்டு. புலிக்கொசு எனப்படும் ஏடிஸ் ஆல்போபிக்டஸுக்கு நட்டநடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, தலையிலிருந்து கிளம்பி முதுகில் நேராக ஓடும். இரண்டுக்கும் கால் வரி ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் காலை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. இரண்டுமே டெங்குவைப் பரப்பும். முதலாவது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும், இரண்டாவது தோட்டம், தோப்பு, மரநிழல் பக்கம் அதிகம். எங்கே தண்ணீர் தேடுவது என்பது அதைப் பொறுத்தது என்பதால்தான் முதுகுப் படம் கேட்கிறேன்.

இனி, எனக்கு வந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் போய்ப் பார்க்கலாம். புறநகரில், வயல் பக்கத்தில் எழுந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. குளியலறையின் வெள்ளை டைல்ஸில் உட்கார்ந்திருந்த பூச்சியைச் சங்கச் செயலாளர் பக்கவாட்டில் எடுத்திருந்தார். “வரிக்கால், டெங்குதான். நாளைக்கே புகை அடிக்கச் சொல்லிவிட்டோம்” என்று கூடவே குறிப்பு.

வாய்: தலைக்கு முன்னால் நீண்ட நேர்க்குழல், சந்தேகமே இல்லை. பின்னங்கால் மேலே தூக்கியிருந்தது. சிறகு வயிற்றை மூடியிருந்தது. கொசுதான். அதுவரை செயலாளர் சொன்னது சரி.

கால்: வரி இருந்தது உண்மை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளை வளையம் மிகவும் குறுகல். ஒரு கணுவும் அடுத்த கணுவும் சேரும் மூட்டில் மெல்லிய வெளிறிய பட்டை, அவ்வளவுதான். வெள்ளையும் பால்வெள்ளை அல்ல, மங்கிய சந்தன நிறம். பின்னங்காலின் கடைசிக் கணு வெள்ளையாக இல்லை. இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்துப் பார்த்தது குழலை. பலர் தாண்டிப் போகும் இடம் இது. அந்தக் கொசுவின் குழல் கறுப்பு, ஆனால் நடுவில் தெளிவான ஒரு வெளிர் வளையம். ஏடிஸ் எஜிப்டியின் குழலில் அப்படி ஒரு வளையம் கிடையாது. அது முழுக்கக் கறுப்பு. குழலின் நடுவே வளையம், காலில் குறுகிய மூட்டுப்பட்டை, உடல் பழுப்பு என்றால் அது கியூலெக்ஸ் பேரினத்தில் ஒரு கூட்டம். வயல்வெளியில் அதிகமாக இருப்பது கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸும் அதன் நெருங்கிய உறவான விஷ்ணுய் வகைகளும். கடலோர உப்பங்கழிப் பக்கம் என்றால் கியூலெக்ஸ் சைட்டியன்ஸ் என்ற இனத்துக்கும் இதே வளையம் உண்டு. இவற்றில் எது என்பதைக் கைப்பேசிப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பூச்சி கையில் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும். ஆனால் எது இல்லை என்று சொல்லிவிடலாம்.

உறுதிப்படுத்த முதுகுப் படம் ஒன்று கேட்டேன். மறுநாள் அதே குளியலறையில் பிடித்ததை அனுப்பினார். மார்பு முழுக்கப் பழுப்பு, யாழும் இல்லை, நடுக்கோடும் இல்லை. முடிந்தது.

இதனால் என்ன மாறுகிறது? எல்லாமே மாறுகிறது. அந்தக் குடியிருப்பில் பூந்தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜ் பின்புறத் தட்டையும் எத்தனை முறை கவிழ்த்தாலும் இந்தக் கொசு குறையாது. அது வளர்வது நெல் வயலிலும் புல் மண்டிய தேங்கல் தண்ணீரிலும். பகலில் கடிக்காது, பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். விருப்பமான ரத்தம் மாடும் பன்றியும். அதனால் அங்கே செய்ய வேண்டியது மாலையில் ஜன்னல் வலையைச் சாத்துவதும், மதிலை ஒட்டிய பள்ளத்தில் புல்லை வெட்டித் தண்ணீரை வடிய விடுவதும். டெங்கு இல்லை என்பதற்காக அலட்சியமாக விட்டுவிடக் கூடிய கூட்டமும் இல்லை இது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது இந்த வகைதான். அந்த நோய் மனிதரிடம் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதே நம் வேலூர்ப் பகுதியில், 1955-ல். படத்தில் இருக்கும் கொசுவுக்குள் கிருமி இருக்கிறதா என்று எந்தப் படமும் சொல்லாது. அது ஆய்வுக்கூட வேலை.

வரியுள்ள இன்னும் இரண்டு பேரைச் சொல்லி முடிக்கிறேன். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸின் பல இனங்களுக்குக் காலில் புள்ளியும் பட்டையும் உண்டு. சென்னையில் கிணற்றிலும் ஓவர்ஹெட் டேங்க்கிலும் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி அப்படித்தான். ஆனால் அதன் சிறகில் கறுப்பும் வெளிறுமாகத் திட்டுகள் இருக்கும். ஏடிஸ் எஜிப்டியின் சிறகில் திட்டு கிடையாது. அனாஃபிலிஸ் உட்காரும்போது வாலைத் தூக்கித் தலையைத் தாழ்த்திச் சாய்வாக நிற்கும். குழலின் இருபுறமும் குழலளவே நீண்ட இரண்டு உறுப்புகள் இருப்பதால் பெண் அனாஃபிலிஸுக்கு மூன்று குழல் இருப்பது போலப் படத்தில் தெரியும். இரண்டாவது, ஆகாயத்தாமரை மண்டிய குளத்தோரம் வரும் மான்சோனியா: காலும் சிறகும் உப்பு மிளகு தூவினாற்போல் பொரிப்பொரியாக இருக்கும். மிட்ஜிலும் வரிக்கால் இனங்கள் இருக்கின்றன. கிரிக்கோடோபஸ் என்ற பேரினத்தில் சிலவற்றின் கீழ்க்கால் நடுவே பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வயிற்றிலும் பட்டை. குழலைப் பார்க்காமல் காலுக்குப் போனவர்கள் ஏமாறும் இடம் இது.

நம் வீடுகளில் இரவில் காதருகே ரீங்காரமிட்டு அதிகம் கடிப்பது எதுவோ, அதன் காலில் வரியே கிடையாது. சாக்கடையில் வளரும் பழுப்புக் கியூலெக்ஸ் அது, யானைக்கால் நோயைப் பரப்புவது. செப்டிக் டேங்கிலிருந்து வரும் ஆர்மிஜெரஸ் அதைவிடப் பெரியது. வயிற்றில் வெள்ளைப் பட்டை இருக்கும், குழல் லேசாகக் கீழே வளைந்திருக்கும், பாதக் கணுக்கள் மட்டும் முழுக்கக் கறுப்பு. வயிற்றுப் பட்டையைப் பார்த்து அதை “வரிக்கொசு” என்று எழுதி அனுப்புகிறீர்கள். வயிற்று வரி பல கொசுக்களுக்கு உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

படம் எடுப்பது பற்றியும் கொஞ்சம். ஃபிளாஷ் போடாதீர்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளபளப்பான மூட்டெல்லாம் வெள்ளையாகத் தெறிக்கும். வரியில்லாத காலுக்கும் வரி வந்துவிடும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுங்கள். உயிரோடு இருப்பதை டம்ளரால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகி, அப்படியே ஃபிரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் அடங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, இரண்டு படம்: ஒன்று பக்கவாட்டில் குழலும் பின்னங்காலும் தெரிய, ஒன்று நேர் மேலிருந்து முதுகு தெரிய. ரொம்பக் கிட்டே போனால் கேமரா தெளிவு பிடிக்காது. சற்றுத் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். மட்டையில் கருகியதும் கையால் அடித்ததும் அநேகமாக உதவாது. செதில்தான் வெள்ளை, செதில்தான் வெள்ளி; தேய்த்தால் கோலம் அத்தனையும் உதிர்ந்துவிடும். வயதான கொசுவுக்கு அடிபடாமலே முதுகுச் செதில் தேய்ந்து யாழ் பாதி அழிந்திருக்கும். அப்போது கால் வரி மிச்சமிருந்தால் அதைக்கொண்டு “ஏடிஸ் ஆக இருக்கலாம்” என்ற அளவில்தான் நான் பதில் எழுதுவேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இறகுக் கொம்பு உள்ள ஆண் கொசு என்று தெரிந்ததும் “ஆண்தானே, கடிக்காது” என்று படத்தை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். முதுகில் யாழுள்ள ஆண் ஏடிஸ் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அது பிறந்த தண்ணீர் தூரத்தில் இல்லை. உங்கள் வளாகத்திலோ அடுத்த வீட்டிலோ மூடாத தொட்டியோ டிரம்மோ இருக்கிறது. அந்தப் படத்தோடு, எந்தத் தளத்தில், எந்த அறையில், எந்த நேரத்தில் எடுத்தது என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தேடலை எந்த மாடியில் தொடங்குவது என்று சொல்ல எனக்கு அது போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பூச்சியியல் பணியாளர் ஒருவர்